மனுவை நிராகரிக்கும் முன் மூன்று தேதிகள்: கல்லூரி முதல்வர்களுக்கும் மாணவர் பேரவைத் தேர்தல் அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும், துறைத் தலைவர்களுக்கும், மாணவர் பேரவைத் தேர்தலை நடத்தும் பொறுப்பில் உள்ள பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

வேட்புமனு பரிசீலனை நாளன்று தகராறு வெடிக்கும்போது, 'விதி என்ன சொல்கிறது' என்பதில் பெரும்பாலும் சண்டை இருப்பதில்லை. 75 சதவீத வருகை வேண்டும், அரியர் இருக்கக்கூடாது, ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகியிருக்கக்கூடாது என்பது மேசையின் இரு பக்கத்தாருக்கும் தெரியும். எந்தத் தேதியில் 75, எந்தத் தேதியில் அரியர் இல்லை, எந்தத் தேதிக்கு முன் நடவடிக்கை என்பதைத்தான் யாரும் எழுதி வைத்திருப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் நியாயமான மனுக்கள் தள்ளுபடியாகின்றன, தள்ளுபடியாக வேண்டியவை ஏற்கப்படுகின்றன, கல்லூரி நீதிமன்றப் படியேறுகிறது. அந்தத் தேதிகளை இந்த ஆண்டின் தேர்தல் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

விதியின் மூலத்தை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். கேரளப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டதன் பேரில், முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு 2006-இல் அறிக்கை தந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று, அந்தப் பரிந்துரைகளைக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் பின்பற்ற வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. ஏட்டளவில் நின்றுபோன ஆணை இல்லை இது. பரிந்துரைகளிலிருந்து விலகி நடக்கிறது என்று சொல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பேரவைத் தேர்தலையே உச்ச நீதிமன்றம் 2008-இல் நிறுத்தி வைத்தது. அங்கே அடுத்த தேர்தல் 2012-இல்தான் நடந்தது.

அறிக்கையில் வேட்பாளர் தகுதி பற்றிய பகுதி சிறியது. வயது வரம்பு, முழுநேர மாணவராக இருத்தல், எத்தனை முறை போட்டியிடலாம் என்பவை அதில் உண்டு. அவற்றில் குழப்பம் குறைவு. சிக்கல் மூன்று வரிகளில் இருக்கிறது. பல்கலைக்கழகம் நிர்ணயித்த வருகை சதவீதம் அல்லது 75 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது இருக்க வேண்டும். குறைந்தபட்ச மதிப்பெண் எதுவும் தேவையில்லை, ஆனால் போட்டியிடும் ஆண்டில் கல்வி நிலுவை, அதாவது அரியர், இருக்கவே கூடாது. குற்ற வழக்கில் விசாரிக்கப்பட்டோ தண்டிக்கப்பட்டோ இருக்கக்கூடாது, பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு நடவடிக்கைக்கும் ஆளாகியிருக்கக்கூடாது. இவை சொல்வது இவ்வளவுதான். கணக்கெடுக்கும் காலம் எது, எந்தப் பதிவேடு செல்லும், எது 'நடவடிக்கை' என்பதெல்லாம் உங்கள் முடிவுக்கு விடப்பட்டிருக்கின்றன. முடிவெடுக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கும்போது, அதை மனுக்கள் வருவதற்கு முன்பே பயன்படுத்துவதுதான் முறை. யார் யார் போட்டியிடுகிறார்கள் என்று தெரிந்த பிறகு எடுக்கும் எந்த முடிவும், எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், ஒருவரைக் குறிவைத்தது போலத்தான் தெரியும்.

ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். கற்பனை மாணவர்தான், ஆனால் ஏறக்குறைய எல்லாக் கல்லூரியிலும் இப்படி ஒருவர் இருப்பார். பி.காம். மூன்றாம் ஆண்டு. ஜூலை 1 அன்று வகுப்பு தொடங்கியது. கல்வியாண்டு தொடங்கியதிலிருந்து ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தேர்தல் நடக்க வேண்டும் என்பது லிங்டோ குழுவின் பரிந்துரை. அதன்படி ஆகஸ்ட் 12-க்கும் 26-க்கும் இடையே தேர்தல். இவர் தலைவர் பதவிக்கு மனு தருகிறார். சென்ற ஆண்டு வருகை 75-ஐ ஒட்டி இருக்கிறது. நான்காம் செமஸ்டரில் ஒரு தாளில் தோல்வி, மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டியிருக்கிறார், முடிவு வரவில்லை. முதலாம் ஆண்டில் ஒரு தகராறு தொடர்பாக எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதம் துறையின் கோப்பில் கிடக்கிறது. இவர் போட்டியிடலாமா?

வருகையிலிருந்து தொடங்குவோம், கணக்கு அதிகம் புரளும் இடம் அதுதான். சென்ற ஆண்டின் இரண்டு செமஸ்டரிலும் தலா 90 வேலை நாள், நாளுக்கு 5 மணி நேரம் என்றால் மொத்தம் 900 மணி நேரம். 75 சதவீதம் என்பது 675. நம் மாணவர் வகுப்பில் உட்கார்ந்தது 652 மணி நேரம். இது தவிர என்.சி.சி. முகாமுக்கும் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிக்கும் கல்லூரியே அனுப்பிவைத்ததில் 30 மணி நேரம் ஓ.டி. இருக்கிறது.

ஓ.டி.யைக் கண்டுகொள்ளாமல் கணக்குப் போட்டால் 900-க்கு 652, அதாவது 72.44 சதவீதம். தகுதியில்லை. ஓ.டி.யை வருகையோடு கூட்டினால் 900-க்கு 682, அதாவது 75.78. தகுதி உண்டு. சில அலுவலகங்களில் மூன்றாவதாக ஒரு வழக்கம் இருக்கிறது: ஓ.டி. நேரத்தை வருகையில் கூட்டாமல் மொத்த நேரத்திலிருந்து கழித்துவிடுவார்கள். அப்போது 870-க்கு 652, அதாவது 74.94. அதை 75 என்று முழுமையாக்கலாமா என்பது அடுத்த சண்டை. ஒரே மாணவர், ஒரே பதிவேடு, மூன்று விடை. மூன்றையும் நல்லெண்ணத்தோடேயே ஒருவர் போட முடியும்.

தேர்வு எழுத அனுமதிக்கும்போது உங்கள் பல்கலைக்கழகம் ஓ.டி.யை எப்படிக் கணக்கிடுகிறதோ அதையே தேர்தலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்பது எங்கள் கருத்து. தேர்வுக்கு ஒரு கணக்கு, தேர்தலுக்கு வேறு கணக்கு என்று இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. கல்லூரியே கையெழுத்துப் போட்டு அனுப்பிய நாளை 'வரவில்லை' என்று எழுதுவது முறையும் அல்ல. முழுமையாக்குவதைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக விதியில் வெளிப்படையாக இடம் இல்லையென்றால் 74.94 என்பது 75 அல்ல. இதை அறிவிப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டால் பரிசீலனை மேசையில் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு வாதாட வேண்டிய நிலை வராது.

கண்டோனேஷன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், தவறு அதிகம் நடப்பது இதில்தான். 75-க்குக் கீழே போன மாணவர் மருத்துவச் சான்றும் அபராதத் தொகையும் கட்டித் தேர்வு எழுதப் பல பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. ஹால் டிக்கெட் கிடைத்துவிட்டது, ஆகவே வருகை சரியாகிவிட்டது என்று மாணவர்கள் நம்புகிறார்கள், சில நேரம் அலுவலக ஊழியர்களும் அப்படியே சொல்லிவிடுகிறார்கள். கண்டோனேஷன் என்பது குறைவைப் பொறுத்துக்கொண்டு தேர்வெழுத விடுவதுதான். சதவீதத்தை அது உயர்த்துவதில்லை. 68 சதவீதம் வைத்திருந்தவர் பணம் கட்டிய பிறகும் 68 சதவீதம்தான். உண்மையாகவே நோயில் படுத்திருந்த மாணவருக்கு இது கடுமையானதுதான். ஆனால் '75 அல்லது அதற்கு மேல்' என்ற வரியில் மருத்துவ விலக்கு கிடையாது. அதை மனு தரும் முன்பே அவருக்குச் சொல்லிவிடுவது, பரிசீலனை நாளில் எல்லார் முன்னாலும் சொல்வதைவிட மரியாதையானது.

அடுத்த கேள்வி, எந்தக் காலத்து வருகை? சில கல்லூரிகள் நடப்பு செமஸ்டரில் அதுவரை ஓடிய ஐந்தாறு வாரத்தை எடுக்கின்றன. இது வேண்டாம் என்கிறோம். 30 வேலை நாளில் 75 சதவீதம் என்றால் ஏழரை நாள்தான் விடுப்புக்கு இடம். ஒரு டெங்குக் காய்ச்சல் போதும், தகுதி போய்விடும். அதைவிடப் பெரிய குறை, பதிவேடு இன்னும் மூடப்படவில்லை என்பது. ஆசிரியர்கள் வாரக்கடைசியில் சேர்த்து ஏற்றும் வருகை, பாட நேரம் மாறிய நாள், திருத்தம் கேட்டு வந்த கடிதம் எல்லாம் அந்தரத்தில் இருக்கும். வேண்டியவருக்கு நான்கு மணி நேரம் கூட்டவும் வேண்டாதவருக்கு நான்கு மணி நேரம் குறைக்கவும் அந்த நிலையில் வழி உண்டு, பின்னால் கண்டுபிடிக்கவும் முடியாது. சென்ற கல்வியாண்டின் பதிவேடு அப்படி இல்லை. துறைத் தலைவர் கையெழுத்திட்டு, தேர்வுப் பிரிவுக்குப் போய், அதன்பேரில் ஹால் டிக்கெட்டும் வந்துவிட்ட பதிவேடு அது. இரண்டாம் ஆண்டு முதல் மேலே உள்ள எல்லாருக்கும் அதையே கணக்கில் எடுங்கள். இரண்டு செமஸ்டரையும் சேர்த்த மொத்தமா, ஒவ்வொரு செமஸ்டரும் தனியாகவா, ஒவ்வொரு பாடமும் தனியாகவா என்பதையும் எழுதுங்கள். பல்கலைக்கழக விதி வேறு சொல்லாதவரை மொத்தம்தான் பொருத்தம்.

முதலாமாண்டு மாணவருக்குச் சென்ற ஆண்டு என்பது இல்லை. அவருக்கு அவர் சேர்ந்த நாளிலிருந்து ஜூலை 31 வரை எடுக்கலாம். 'சேர்ந்த நாளிலிருந்து' என்பது முக்கியம். கலந்தாய்வில் தாமதமாக இடம் கிடைத்து ஜூலை 15-க்குப் பிறகு வந்தவருக்கு ஜூலை 1-இலிருந்து மொத்த நேரம் போட்டால், கால் வைக்காத வகுப்புக்கெல்லாம் அவர் வரவில்லை என்று ஆகிவிடும். அப்படிச் சேர்ந்த ஒருவருக்கு மாதக் கடைசிவரை 12 வேலை நாள் என்றால் 60 மணி நேரம், அதில் 45 தேவை. மூன்று நாள் விடுப்பு வரை தாங்கும்.

இனி அரியர். நம் மாணவருக்கு ஏப்ரலில் எழுதிய ஒரு தாள் போய்விட்டது. மறுமதிப்பீட்டு முடிவு வரவில்லை. 'போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக்கூடாது' என்ற வரியைப் படிப்பவர்கள் பல விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். எப்போதாவது ஒரு தாளில் தவறியிருந்தாலே தகுதி போய்விடும் என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு. முதல் செமஸ்டரில் தவறிய தாளை மூன்றாம் செமஸ்டரில் எழுதித் தேறிவிட்டவருக்கு அரியர் இல்லை, அரியர் வரலாறு மட்டுமே இருக்கிறது. விதி கேட்பது, அன்றைய தேதிக்குக் கையில் நிலுவை உண்டா என்பதைத்தான். மதிப்பெண் பட்டியலில் ஒரு தாளுக்கு எதிரே தேர்ச்சி பெற்ற மாதம் வேறாக இருப்பதைக் காட்டி மனுவைத் தள்ளுவது செல்லாது.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மறுமதிப்பீட்டுக்குப் போட்டிருக்கிறேன், ஆகவே அது அரியர் என்று இன்னும் உறுதியாகவில்லை என்று மாணவர் வாதிடுவார். மறுமதிப்பீட்டு விண்ணப்பம் வெளியான முடிவை நிறுத்தி வைப்பதில்லை. புதிய முடிவு வரும்வரை பழைய முடிவுதான் செல்லும். துணைத் தேர்வு எழுதிவிட்டுக் காத்திருப்பவருக்கும் இதே நிலைதான். ஆனால் முடிவே நிறுத்தி வைக்கப்பட்டவர் வேறு வகை. கட்டணப் பாக்கி, பெயரில் எழுத்துப் பிழை, செய்முறை மதிப்பெண் ஏற்றப்படாதது போன்ற காரணங்களால் ரிசல்ட் வராமல் இருப்பது தோல்வி அல்ல. அவர் மனுவைத் தேர்வுப் பிரிவின் எழுத்துப்பூர்வ விளக்கம் வாங்காமல் நிராகரிக்காதீர்கள். செய்முறை மதிப்பெண் ஏற்றப்படாதது கல்லூரியின் தவறாகவே இருக்கக்கூடும்.

நம் மாணவரின் விடை இப்போது தேதியைப் பொறுத்தது. அரியருக்கு வைக்கும் தேதி எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப் போகட்டும், அதாவது வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் மாலை 5 மணி. ரிசல்ட்டை வெளியிடுவது பல்கலைக்கழகம். கல்லூரியில் யாரும் அதைத் திருத்த முடியாது. அதனால் கடைசி நேரம்வரை காத்திருப்பதால் முறைகேட்டுக்கு இடம் வராது, மாணவருக்கோ நன்மை. அதற்குள் மறுமதிப்பீட்டில் தேறிவிட்டால் அவர் தகுதியானவர். 5 மணிக்குள் வரவில்லை என்றால் தகுதியில்லை. அடுத்த வாரம் தேர்ச்சி என்று வந்தாலும் அந்தத் தேர்தலை அது தொடாது. அதேபோல, வெற்றி பெற்ற ஒருவர் நவம்பர் தேர்வில் ஒரு தாளில் தவறினால் பதவி போகுமா என்று கேட்கிறார்கள். லிங்டோ விதி போட்டியிடும் தகுதியைப் பற்றியது. பதவியில் தொடர்வதற்கும் அரியர் இல்லாமை வேண்டும் என்று உங்கள் பேரவை விதியில் தனியாக எழுதியிருந்தால் ஒழிய, நவம்பர் ரிசல்ட்டை வைத்து யாரையும் இறக்க முடியாது.

முதுகலை முதலாமாண்டு மாணவரின் இளங்கலை மதிப்பெண் பட்டியலைக் கேட்கும் பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அவர் பட்டம் பெற்றுத்தான் வந்திருக்கிறார். பழைய படிப்பில் எத்தனை முறை எழுதித் தேறினார் என்பது இங்கே பொருட்டல்ல.

மூன்றாவதுதான் மிகவும் கவலை தருவது. வருகைக்கு எண் இருக்கிறது, அரியருக்கு ரிசல்ட் இருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கைக்குப் பல கல்லூரிகளில் இருப்பதெல்லாம் ஒரு கோப்புதான். அந்தக் கோப்பில் என்ன இருக்கும் என்பது கல்லூரியில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். ஒரு தகராறு நடக்கிறது. துறைத் தலைவர் ஏழெட்டுப் பேரை வரச் சொல்கிறார். 'ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்துட்டுப் போ, இதோட விட்டுடறேன்' என்கிறார். கோடு போட்ட தாளில், 'இனிமேல் இதுபோல் நடந்துகொள்ள மாட்டேன்' என்று எழுதி, கீழே பெற்றோர் கையெழுத்தும் வாங்கிக் கொடுக்கிறார்கள். விசாரணை கிடையாது, யார் என்ன செய்தார் என்ற பதிவு கிடையாது, முதல்வரின் ஆணை கிடையாது. இதோடு விட்டுவிடுகிறேன் என்று சொல்லி வாங்கிய அந்தத் தாள், இரண்டு ஆண்டு கழித்துப் பரிசீலனை மேசையில் 'ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆதாரம்' என்று வந்து விழுகிறது.

அது ஆதாரம் ஆகாது. ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானார் என்று சொல்ல நான்கு காகிதம் வேண்டும்: குற்றச்சாட்டைச் சொல்லும் மெமோ, மாணவரின் விளக்கம் அல்லது விளக்கம் தர அவகாசம் கொடுத்ததற்கான சான்று, விசாரணையின் முடிவு, தகுதியுள்ள அதிகாரி தேதியிட்டுக் கையெழுத்திட்டு மாணவருக்குக் கொடுத்த தண்டனை ஆணை. மெமோ மட்டும் இருந்தால் அது குற்றச்சாட்டு. விசாரணை நிலுவையில் இருப்பதும் அதற்காகத் தற்காலிகமாக சஸ்பெண்ட் செய்ததும் தண்டனை அல்ல. அடையாள அட்டை கொண்டு வராததற்கும் நூலகப் புத்தகம் தாமதமானதற்கும் கட்டிய அபராதம் ஒழுங்கு நடவடிக்கையே அல்ல. நம் மாணவரின் மன்னிப்புக் கடிதத்துக்குப் பின்னால் ஆணை எதுவும் இல்லை என்றால் அதை வைத்து அவரைத் தடுக்க முடியாது.

இதற்கு வைக்கும் தேதி அரியருக்கு வைத்த தேதிக்கு நேர் எதிராக இருக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பே பிறப்பிக்கப்பட்ட ஆணை மட்டுமே கணக்கில் வரட்டும். காரணம் எளிது. இந்த ஒரு தகுதியின்மையைத்தான் கல்லூரி நிர்வாகமே நினைத்தால் உருவாக்க முடியும். யார் நிற்கப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகு பிறக்கும் தண்டனை ஆணையை எந்த மாணவரும் நம்ப மாட்டார், நம்ப வேண்டும் என்று கேட்பதும் நியாயமில்லை. அப்படியானால் பிரச்சார நாளில் ஒருவர் அடிதடியில் இறங்கினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அது நடத்தை விதி மீறல். குறை தீர்க்கும் பிரிவு விசாரித்து முடிவெடுக்க வேண்டிய விஷயம். அதற்கு வேறு வழி இருக்கிறது, தகுதிப் பரிசீலனைக்குள் இழுத்து வர வேண்டியதில்லை.

குற்ற வழக்கு பற்றிச் சில வரிகள். எஃப்.ஐ.ஆரில் பெயர் இருப்பது மட்டும் 'விசாரிக்கப்பட்டது' ஆகாது. விதி சொல்லும் விசாரணை நீதிமன்ற விசாரணை. குற்றப்பத்திரிகை தாக்கலாகி, நீதிமன்றம் குற்றச்சாட்டை வனைந்த பிறகோ, சிறு வழக்குகளில் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி 'ஒப்புக்கொள்கிறீர்களா' என்று கேட்ட பிறகோதான் அது தொடங்குகிறது. சாலை மறியல், ஆர்ப்பாட்டம் போன்றவற்றில் மாணவர்கள்மீது வழக்கமாகப் பதிவாவது சட்டவிரோதமாகக் கூடியது, அரசு ஊழியரின் உத்தரவை மீறியது என்ற பிரிவுகள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அவை 143, 188. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 189, 223. இந்த வழக்குகளில் பெரும்பாலும் யாரோ ஒருவர் 'ஒத்துக்கிட்டு அபராதத்தைக் கட்டிட்டு வந்துடு, அலைச்சல் மிச்சம்' என்று சொல்வார்கள். சில நூறு ரூபாயோடு முடிந்தது என்று மாணவர் நினைத்துக்கொண்டிருப்பார். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது தண்டனை பெற்றதாகும். பேரவைத் தேர்தலில் நிற்கும் எண்ணம் உள்ள மாணவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும், அவர்களுக்குச் சொல்லும் கடமை நமக்கும் இருக்கிறது.

பதினெட்டு வயதுக்கு முன் நடந்தது வேறு கணக்கு. சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 24-ஆம் பிரிவின்படி, அந்தச் சட்டத்தின் கீழ் கையாளப்பட்ட சிறாருக்கு அதனால் எந்தத் தகுதியிழப்பும் வராது. பதினாறு வயது நிறைந்தவர்களின் கொடுங்குற்ற வழக்குகளில் சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. பதினேழு வயதினரும் போட்டியிடும் தேர்தல் இது. அந்தப் பழைய வழக்கை உறுதிமொழிப் படிவத்தில் எழுதச் சொல்வதே தவறு.

விடுதலையானவர் விஷயத்தில் விதியின் சொற்கள் உண்மையாகவே கடுமையாக இருக்கின்றன. 'விசாரிக்கப்பட்டோ' என்று இருப்பதால், எழுத்துக்கு எழுத்து படித்தால் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் விட்டவரும் தடைபடுகிறார். இது நியாயமில்லை என்பதே எங்கள் எண்ணம். ஆனால் தேர்தல் அதிகாரி பரிசீலனை மேசையில் விதியைத் திருத்தி எழுத முடியாது. ஆகவே இதைப் பல்கலைக்கழகத்திடம் எழுதிக் கேட்டு, பதிலை அறிவிப்போடு சேர்த்து வெளியிடுங்கள். ஜூன் மாதத்திலேயே கேட்டால்தான் ஜூலைக்குள் பதில் வரும்.

இந்த மூன்று விதியும் வேட்பாளருக்கு மட்டுமே. முன்மொழிபவருக்கும் வழிமொழிபவருக்கும் அரியர் இருக்கிறதா என்று பார்ப்பதும், வருகை குறைந்தவரின் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுப்பதும் லிங்டோ அறிக்கையில் இல்லாத வேலை. முன்மொழிந்தவருக்கு 71 சதவீத வருகை என்பதற்காக மனுவைத் தள்ளினால் அது நிற்காது.

நடைமுறைக்கு வருவோம். மனுத் தாக்கலிலிருந்து முடிவு அறிவிப்பு வரை பத்து நாளுக்கு மேல் போகக்கூடாது என்பதும் லிங்டோ பரிந்துரை. அந்தப் பத்து நாளுக்குள் வருகையைக் கூட்டி, ரிசல்ட்டைத் தேடி, கோப்பைப் புரட்ட நேரம் கிடையாது. எனவே சரிபார்ப்பு அதற்கு முன்பே முடிய வேண்டும். மேலே சொன்ன நாள்காட்டியில், ஜூலை 25 அன்று அறிவிப்பு வெளியிடலாம். ஆகஸ்ட் 1 முதல் 8 வரை, போட்டியிட விரும்பும் மாணவர் அலுவலகத்தில் கேட்டு ஒரு பக்கத் தகுதிச் சீட்டு பெறலாம். அதில் மொத்த மணி நேரம், வந்த மணி நேரம், ஓ.டி., சதவீதம், நிலுவைத் தாள் உண்டா இல்லையா, ஆணை ஏதும் இருந்தால் அதன் எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். கேட்ட இரண்டு வேலை நாளில் தரப்பட வேண்டும். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளவும் நேரம் இருக்கிறது. ஆகஸ்ட் 12, 13 மனுத் தாக்கல், 14 பரிசீலனை, 21-க்குள் முடிவு. தகுதியில்லாதவர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். ஒரு மாணவரின் அரியரை ஊருக்கே படித்துக் காட்டத் தேர்தல் அதிகாரிக்கு உரிமை இல்லை. ஏற்கப்பட்ட மனுக்களின் பட்டியலை மட்டும் ஒட்டினால் போதும், காரணம் சம்பந்தப்பட்டவர் கைக்குப் போகட்டும்.

அந்தக் காரணத்தை எழுதும் முறையில்தான் பல ஆணைகள் விழுகின்றன. 'தகுதியின்மை காரணமாக மனு நிராகரிக்கப்படுகிறது' என்ற வரியில் ஒன்றும் இல்லை. 'சென்ற கல்வியாண்டில் மொத்தம் 900 மணி நேரம். வருகை, ஓ.டி. உட்பட, 661 மணி நேரம், 73.44 சதவீதம். தேவை 75 சதவீதம். வருகைப் பதிவேட்டின் நகல் இணைக்கப்பட்டுள்ளது' என்று எழுதினால் மாணவர் தானே கூட்டிப் பார்க்கலாம், குறை தீர்க்கும் பிரிவும் பார்க்கலாம், தேவைப்பட்டால் நீதிபதியும் பார்க்கலாம். ஆணையில் நேரத்தையும் குறிப்பிடுங்கள். முறையீட்டுக்கு 24 மணி நேரம் தருகிறீர்கள் என்றால் அது எப்போது தொடங்கியது என்று தெரிய வேண்டும்.

அறிவிப்பில் சேர்ப்பதற்கு ஏற்றபடி ஒரு பத்தியைக் கீழே தருகிறோம். தேதிகளை உங்கள் நாள்காட்டிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

"வேட்பாளரின் வருகை, இரண்டாம் ஆண்டு முதல் உள்ளவர்களுக்குச் சென்ற கல்வியாண்டின் மூடப்பட்ட பதிவேட்டின்படியும், முதலாமாண்டு மாணவருக்குச் சேர்ந்த நாள் முதல் ஜூலை 31 வரையும், எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து, மணி நேரக் கணக்கில் எடுக்கப்படும். ஓ.டி., பல்கலைக்கழகத் தேர்வு விதியில் உள்ளபடி கணக்கிடப்படும். சதவீதம் மேல்நோக்கி முழுமையாக்கப்படாது. கண்டோனேஷன் பெற்றது வருகைக் குறைவைச் சரிசெய்ததாகக் கொள்ளப்படாது. ஆகஸ்ட் 13 மாலை 5 மணிக்குள் வெளியான தேர்வு முடிவுகளின்படி நிலுவைத் தாள் எதுவும் இருக்கக்கூடாது. விளக்கம் கேட்டு, விசாரித்து, இந்த அறிவிப்பு நாளுக்கு முன் பிறப்பிக்கப்பட்டு, மாணவருக்கு வழங்கப்பட்ட எழுத்துப்பூர்வத் தண்டனை ஆணை மட்டுமே ஒழுங்கு நடவடிக்கையாகக் கொள்ளப்படும்."

இப்படிக்கு,
கல்லூரித் தேர்தல் பணியிலும் அது தொடர்பான வழக்குகளிலும் ஈடுபட்டுவரும் ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும்